வயலின் பதிவில் வில் ஏன் கீறுகிறது? அருகு மைக்கும் அறை மைக்கும்

வயலினை முதன்முதலாகப் பதிவு செய்கிறவர்கள் பெரும்பாலும் மைக்கை, தந்திகளைத் தாங்கும் குதிரைக்கு நேர் மேலே, ஒரு சாண் உயரத்தில் வைத்துவிடுவார்கள். கிட்டே வைத்தால் தெளிவாகப் பதியும், அறையின் சத்தம் வராது என்பது கணக்கு. பதிவைக் கேட்டால் தெளிவு இருக்கும். கூடவே ஒவ்வொரு வில் இழுப்பின் தொடக்கத்திலும் ஒரு கரகரப்பும் இருக்கும், உயர்ந்த தந்தியில் காதைக் குத்தும் கூர்மையும் இருக்கும். அறையில் நின்று கேட்டபோது அந்த வாசிப்பு அப்படி ஒலிக்கவில்லை. உடனே மைக் மட்டம் என்று நினைத்து வேறு மைக் தேடுவார்கள், அல்லது ஈக்யூவைத் திறந்து மேல் அலைவரிசைகளை வெட்ட ஆரம்பிப்பார்கள். பெரும்பாலான சமயங்களில் இரண்டுமே தேவைப்படாது. மைக்கின் தூரமும் கோணமும்தான் பிரச்சினை.

இந்தக் கரகரப்பு எங்கிருந்து வருகிறது என்று முதலில் பார்த்துவிடுவோம். வில்லின் முடியில் ரோசின் என்ற பிசினைத் தடவியிருக்கிறோம். அது தந்தியைப் பற்றி இழுக்கும்; இழுவை தாங்காத இடத்தில் தந்தி நழுவித் திரும்பும்; மறுபடி பற்றும். எண்ணெய் போடாத கதவுக் கீல் கிறீச்சிடுவதும் இதே பற்றல், நழுவல்தான். வயலினில் இந்தச் சுற்று ஒழுங்காக, நொடிக்கு நூற்றுக்கணக்கான முறை நடப்பதால் அது சுரமாகிறது. திறந்த ‘ஏ’ தந்தியை 440 ஹெர்ட்ஸுக்குச் சுருதி சேர்த்திருந்தால் நொடிக்கு 440 முறை பற்றி நழுவுகிறது. ஆனால் வில் திசை மாறும் ஒவ்வொரு முறையும் இந்த ஒழுங்கு குலைந்து, மறுபடி நிலைபெறச் சில சுற்றுகள் பிடிக்கும். அந்தச் சிறு இடைவெளியில் வருவது சுரம் இல்லை, இரைச்சல். சுரம் நிலைத்த பிறகும் முடி தந்தியில் உரசும் மெல்லிய ‘ஸ்ஸ்’ ஓசை அடியில் ஓடிக்கொண்டே இருக்கும். எவ்வளவு தேர்ந்த வாசிப்பாளராக இருந்தாலும் இது இல்லாமல் வயலின் கிடையாது. நல்ல வாசிப்பில் அளவாக இருக்கும், அவ்வளவுதான். அதை முழுக்க எடுத்துவிட்டால் வயலின் சின்தசைஸர் மாதிரி ஆகிவிடும். ஆகவே இரைச்சலை ஒழிப்பதை விட்டுவிட்டு, சுரத்தோடு அது சரியான விகிதத்தில் பதிய வழி தேடுவோம்.

அந்த விகிதத்தைத் தீர்மானிப்பது தூரம். வயலின் உடலின் நீளம் சுமார் 35 செ.மீ. தந்தியின் அதிர்வு குதிரை வழியாக இறங்கி, மேல் பலகை, கீழ்ப் பலகை, உள்ளே அடைந்திருக்கும் காற்று எல்லாவற்றையும் அசைக்கிறது. நாம் ‘வயலின் ஒலி’ என்று சொல்வது இத்தனை பரப்பிலிருந்தும் கிளம்பி ஒன்றுசேர்ந்த ஒலி. மைக் 20 அல்லது 25 செ.மீ. தூரத்தில் இருந்தால், கருவியின் நீளத்தைவிடக் குறைந்த தூரத்தில் நிற்கிறது என்று அர்த்தம். அங்கே அதற்கு மிக அருகில் இருப்பது வில் தந்தியைத் தொடும் புள்ளி. உடலின் மற்ற பகுதிகள் ஒப்பீட்டில் தள்ளி இருக்கின்றன. அதனால் வில்லின் உரசல் முன்னுக்கு வந்து, மரத்தின் ஒலி பின்னுக்குப் போகிறது. மைக்கை 70, 80 செ.மீ.க்கு நகர்த்தினால் வில் தொடும் புள்ளிக்கும் உடலின் ஓரத்துக்கும் உள்ள தூர வித்தியாசம் பொருட்படுத்த வேண்டாத அளவுக்குச் சுருங்கிவிடும். மைக் அப்போதுதான் கருவியை முழுதாகக் கேட்கிறது. வயலினைப் பொறுத்தவரை ‘அருகு மைக்’ என்றால் இந்தத் தூரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மேடையில் மற்ற கருவிகளின் சத்தம் உள்ளே வராமலிருக்க வயலினிலேயே மாட்டும் கிளிப் மைக் வேறு கதை. அது ஒரு கட்டாயத்துக்காக ஒலியில் செய்துகொள்ளும் சமரசம்.

தூரத்துக்கு அடுத்தது கோணம். வயலினின் கீழ் அலைவரிசைகள் எல்லாத் திசையிலும் ஏறக்குறைய சமமாகப் பரவுகின்றன. ஏறத்தாழ ஆயிரம் ஹெர்ட்ஸைத் தாண்டினால் நிலைமை மாறுகிறது. மேலே போகப் போக ஒலி குறிப்பிட்ட திசைகளில் குவியும். அதில் பெரும்பங்கு மேல் பலகைக்குச் செங்குத்தான பக்கமாகக் கிளம்பும். இடது தோளில் வைத்து நின்று வாசிப்பவரின் வயலின் சற்று வலப்பக்கம் சாய்ந்திருக்கும். ஆக, மினுமினுப்பும் கூர்மையும் அவருடைய வலது முன்பக்கமாக, மேல்நோக்கிப் போகின்றன. உரசல் ஓசையின் பெரும்பகுதியும் உயர் அலைவரிசை என்பதால் அந்தப் பக்கம்தான் அதிகமாகக் கேட்கும். மைக்கை அந்த நேர்க்கோட்டிலேயே வைத்தால் பளிச்சென்று பதியும், கீறலும் சேர்ந்து வரும். அதே தூரத்தில் மைக்கை வயலினின் தலைச்சுருள் பக்கமாக நகர்த்தினாலோ, வாசிப்பவரின் இடது தோளுக்கு மேல் கொண்டுபோனாலோ ஒலி படிப்படியாக மென்மையாகும். தோளுக்கு மிக அருகே போனால் மூச்சு விடும் சத்தம் கேட்க ஆரம்பிக்கும், அங்கே நிறுத்திக்கொள்ளலாம்.

சரி, இதை ஓர் அறையில் வைத்துப் பார்ப்போம். 5 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், 2.7 மீட்டர் உயரம் உள்ள சாதாரண அறை. ஒரு புத்தக அலமாரி, ஜன்னல்களுக்குத் திரை, தரையில் விரிப்பு. நம்மிடம் முன்பக்க ஒலியை அதிகமாக வாங்கும் இரண்டு கார்டியாய்டு கண்டென்சர் மைக்குகள், இரண்டு உள்ளீடு உள்ள ஆடியோ இன்டர்ஃபேஸ். வாசிப்பவர் நின்று வாசிக்கிறார். வயலின் தரையிலிருந்து சுமார் 1.45 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. உட்கார்ந்து வாசிப்பவர் என்றால் இனி வரும் உயரங்கள் எல்லாவற்றையும் தரையிலிருந்து எடுக்காமல் வயலினிலிருந்து கணக்கிட்டுக்கொள்ளுங்கள்.

அவரை அறையின் நடுவில் நிறுத்த வேண்டாம். பின்சுவரிலிருந்து ஒன்றரை மீட்டர் தள்ளி, நடுக்கோட்டிலிருந்து கொஞ்சம் ஒதுங்கி, அறையின் நீளவாட்டில் பார்த்தபடி நிற்கட்டும். அருகு மைக்கை அவருக்கு முன்னால் அரை மீட்டர் தள்ளி, 2.1 மீட்டர் உயரத்தில் வையுங்கள். வயலினிலிருந்து நேராக அளந்தால் 80 செ.மீ. வரும். மைக்கின் முகம் குதிரையைப் பார்க்க வேண்டியதில்லை. விரல்பலகையின் நடுப்பகுதியை, இடது கை இருக்கும் பக்கத்தைப் பார்க்கட்டும். கார்டியாய்டு மைக்குகள் பக்கவாட்டில் வரும் ஒலியின் உயர் அலைவரிசைகளைச் சற்றுக் குறைத்தே வாங்கும். பெரிய டயஃப்ரம் மைக்கில் இது இன்னும் வெளிப்படையாகத் தெரியும். நம் வேலைக்கு அந்தக் குறை ஒரு வசதி. மைக்கை 20, 30 டிகிரி திருப்புவது ஒரு மென்மையான ஈக்யூ போட்ட மாதிரி வேலை செய்யும்.

இந்த இடத்தில் ஒரு சிக்கல் உண்டு, அது கூரை. மைக்குக்கும் கூரைக்கும் நடுவே 60 செ.மீ.தான் இருக்கிறது. வயலினிலிருந்து கூரையில் பட்டு மைக்குக்கு வரும் ஒலி சுமார் 1.9 மீட்டர் பயணம் செய்கிறது. நேராக வருவதைவிட 1.1 மீட்டர் கூடுதல். அதாவது 3 மில்லிசெகண்டுக்குச் சற்று மேல் தாமதம், அளவில் ஏழெட்டு டெசிபெல்தான் குறைவு. இவ்வளவு கிட்டத்தில், இவ்வளவு பலமாக வரும் எதிரொலி தனியாகக் கேட்காது. நேர் ஒலியோடு கலந்து சில அலைவரிசைகளைக் கூட்டி, சிலவற்றை அழிக்கும். சில சுரங்கள் மட்டும் துருத்திக்கொண்டு, ஒரு தகரத் தன்மை வரும். அதைக் கேட்டுவிட்டு வில்லைக் குறை சொல்கிறவர்கள் நிறையப் பேர். இந்த மைக்கின் முகம் கீழ்நோக்கி இருப்பதால் கூரை ஒலி ஓரளவு அதன் முதுகில்தான் படும். மீதிக்கு, மைக்குக்கு மேலே கூரையில் தடித்த ஒலி உறிஞ்சும் பலகை ஒன்றைத் தொங்கவிடலாம். அது இல்லையென்றால் கனமான போர்வையை நாலாக மடித்து இரண்டு ஸ்டாண்டுகளுக்கு நடுவே விரித்துக் கட்டினாலும் வித்தியாசம் தெரியும்.

மைக் 25 செ.மீ.யிலிருந்து 80 செ.மீ.க்குப் போயிருப்பதால் உள்ளே வரும் ஒலி ஏறத்தாழ 10 டெசிபெல் குறையும். கெய்னை அந்த அளவுக்கு ஏற்றிக்கொள்ளுங்கள். வாசிப்பவரை மிக உரக்க வாசிக்கச் சொல்லி, உச்சங்கள் -10 அல்லது -12 டெசிபெலில் நிற்கும்படி வைத்தால் போதும். 24 பிட்டில் பதிவு செய்யும்போது இதற்கு மேல் ஏற்றுவதால் எந்த லாபமும் இல்லை.

இப்போது சோதனைப் பதிவு. நேராகப் பாட்டுக்குப் போகாமல், மூன்று விஷயங்களை மட்டும் வாசிக்கச் சொல்வேன்: நாலு திறந்த தந்திகளிலும் நீளமான மெதுவான இழுப்பு, நடு வில்லில் வேகமான தனித்தனி இழுப்புகள், அப்புறம் ‘ஈ’ தந்தியில் உயரப் போகும் ஒரு வரி. நீள இழுப்பில் ‘ஸ்ஸ்’ எவ்வளவு என்று தெரியும். வேக இழுப்பில் தொடக்கக் கரகரப்பு தெரியும். உயரப் போகும்போது கூர்மை தெரியும். இவற்றை ஹெட்ஃபோனில் மட்டும் கேட்டு முடிவெடுக்காதீர்கள். ஹெட்ஃபோன் எல்லாவற்றையும் காதுக்குள் கொண்டுவந்து உரசலைப் பெரிதாக்கிக் காட்டும். ஸ்பீக்கரிலும் ஒருமுறை கேளுங்கள்.

இன்னும் கரகரப்பு அதிகம் என்று பட்டால் முதலில் மைக்கை ஒரு சாண் இடப்பக்கமாக, அதாவது வாசிப்பவரின் இடப்பக்கமாக நகர்த்துங்கள். அதற்கு அப்புறம்தான் தூரத்தை மாற்ற வேண்டும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றினால்தான் எது வேலை செய்தது என்று தெரியும். மாறாக ஒலி மங்கி, போர்வைக்குள்ளிருந்து வருவது போல் ஆகிவிட்டால் அளவுக்கு மீறி இடப்பக்கம் போய்விட்டீர்கள். பாதி தூரம் திரும்பி வாருங்கள்.

அருகு மைக் சரியான பிறகு அறை மைக். இதை வெறும் எதிரொலிக்காக வைப்பது என்று நினைப்பவர்கள் உண்டு. வில்லின் கரகரப்பைக் குறைப்பதில் இதற்கு இன்னொரு முக்கியமான பங்கு இருக்கிறது. உயர் அலைவரிசை ஒரு பக்கமாகக் குவிந்து போகிறது என்று பார்த்தோம். கீழ் அலைவரிசையோ எல்லாச் சுவரையும் நோக்கிப் போகிறது. ஆகவே அறைக்குள் சுற்றும் ஒலியில் தொடக்கத்திலேயே கூர்மை குறைவு. திரையும் விரிப்பும் புத்தகங்களும் உறிஞ்சுவது பெரும்பாலும் உயர் அலைவரிசையை என்பதால் அது இன்னும் குறையும். போதாததற்கு, இழுப்பின் தொடக்கத்தில் வரும் அந்தக் கணநேர இரைச்சல் பல சுவர்களில் பட்டு வெவ்வேறு நேரங்களில் வந்து சேர்வதால் அதன் முனை மழுங்கிவிடுகிறது. ஆக, அறை மைக்கில் பதிவது வயலினின் உருண்டையான பாதி. அதை அருகு மைக்கின் கீழே கலந்தால், உரசல் அப்படியே இருந்தாலும் உடல் ஒலி கூடிவிடுவதால் விகிதம் மாறுகிறது. ஈக்யூவால் இதைச் செய்ய முடியாது. வில்லின் உரசலும் வயலினின் பிரகாசமும் ஒரே அலைவரிசைகளில் குடியிருப்பதால் ஈக்யூ இரண்டையும் சேர்த்தே வெட்டும்.

நம் அறை மாதிரியான ஓர் இடத்தில், எங்கும் நிறைந்திருக்கும் அறை ஒலி வயலினிலிருந்து முக்கால் மீட்டருக்குள்ளேயே நேர் ஒலிக்குச் சமமாகிவிடும். அருகு மைக் கார்டியாய்டு என்பதால் 80 செ.மீ.யிலும் நேர் ஒலியைத்தான் அதிகம் வாங்கும். அறை மைக்கை இரண்டரை மீட்டர் தள்ளி, தலைக்குச் சற்று மேலான உயரத்தில் வையுங்கள். மூலையில் வேண்டாம், அங்கே கீழ் அலைவரிசைகள் குவிந்து மொத்தென்று ஒலிக்கும். அப்புறம் ஒரு காரியம் செய்யுங்கள்: மைக்கின் முதுகை வயலினுக்குக் காட்டுங்கள். கார்டியாய்டின் முதுகுப் பக்கம்தான் மிகக் குறைவாகக் கேட்கும் பக்கம். முகம் எதிர்முனையில் திரை தொங்கும் பக்கத்தின் மேல்பகுதியைப் பார்க்கட்டும். இப்போது அதில் வயலினின் நேர் ஒலி மிகக் குறைந்து, அறை மட்டும் பதியும். முதலில் கொஞ்சம் விசித்திரமாகத் தோன்றும், ஆனால் சின்ன அறைகளில் எனக்கு மிகப் பிடித்த ஏற்பாடு இதுதான்.

இதில் இன்னொரு சௌகரியமும் உண்டு. இரண்டு மைக்கும் வயலினை நேராகப் பார்த்தால், 1.7 மீட்டர் தூர வித்தியாசத்தால் ஒரே ஒலி 5 மில்லிசெகண்டு இடைவெளியில் இரண்டு முறை பதிகிறது. இரண்டையும் சமமாகக் கலந்தால், கூரை விஷயத்தில் பார்த்த அதே அழிப்பு இங்கேயும் நடக்கும். வயலின் குழாய்க்குள்ளிருந்து வாசிப்பது போல் ஒலிக்கும். அறை மைக்கில் நேர் ஒலி குறைவாக இருந்தால் இந்தத் தொல்லையும் குறையும். கூடவே, கலக்கும்போது அறை மைக்கை அருகு மைக்கைவிட 10 டெசிபெல் தாழ்த்தியே தொடங்குங்கள். அந்த வித்தியாசத்தில், மிக மோசமான நிலையிலும் மேடுபள்ளம் இரண்டு மூன்று டெசிபெலுக்குள் அடங்கிவிடும். சரிபார்க்க எளிய வழி: இரண்டையும் மோனோவில் கேட்டபடி அறை மைக்கை அணைத்து அணைத்துப் போடுங்கள். போடும்போது ஒலி பருத்தால் சரி. மெலிந்தால் அறை மைக்கின் போலாரிட்டியை, அதாவது அலையின் மேல்கீழை, திருப்பிப் பாருங்கள். அப்போதும் மெலிந்தே இருந்தால் மைக்கை ஓர் அடி நகர்த்துங்கள். இரண்டு பதிவுகளின் அலைகளையும் திரையில் பெரிதாக்கி, ஒன்றின் மேல் ஒன்று சரியாகப் பொருந்தும்படி இழுத்து வைக்கும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது. அறை மைக்குக்கு அதை நான் செய்ய மாட்டேன். அந்த 5 மில்லிசெகண்டுதான் கொஞ்சமாவது ஆழத்தைக் கொடுக்கிறது.

அறை நன்றாக இல்லாவிட்டால் அறை மைக் எதையும் காப்பாற்றாது. வாசிப்பவர் நிற்கும் இடத்தில் நின்று பலமாக ஒருமுறை கைதட்டிப் பாருங்கள். தட்டிய பிறகு ‘ட்ர்ர்ர்’ என்று சுவர்களுக்கிடையே ஓடும் ஓசை கேட்டால், அதே ஓசை ஒவ்வொரு வில் தொடக்கத்தோடும் ஒட்டிக்கொண்டு கரகரப்பை இன்னும் கூட்டும். எதிரெதிர்ச் சுவர்களில் ஒன்றிலாவது திரையோ அலமாரியோ வந்தால் அது அடங்கும். அறையே மிகச் சிறியது, பெட்டிக்குள் பேசுவது போல் இருக்கிறது என்றால் அறை மைக்கை விட்டுவிட்டு, அருகு மைக்கை மட்டும் வைத்துக்கொண்டு பிறகு ரிவெர்ப் என்ற செயற்கை எதிரொலியைச் சேர்ப்பது மேல். அப்படிச் செய்யும்போது ரிவெர்புக்கு அனுப்பும் ஒலியில் 5, 6 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் மென்மையாக வெட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு உரசலுக்கும் ஒரு வால் முளைக்கும்.

மைக்குகள் நிலைத்த பிறகு மிச்சத்துக்கு ஈக்யூவைத் தொடலாம். வயலினின் மிகக் கீழான சுரம் ‘ஜி’ தந்தியின் 196 ஹெர்ட்ஸ். எனவே 120 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டினால் கால் அசைவும் தரை அதிர்வும் போகும், வயலினுக்கு நஷ்டம் இல்லை. காதைக் குத்தும் கூர்மை பெரும்பாலும் 2.5 முதல் 4 கிலோஹெர்ட்ஸ் பக்கம் இருக்கும்; அங்கே அகலமாக 2 டெசிபெல் குறைத்துப் பாருங்கள். அதற்கு மேல் குறைக்க வேண்டியிருந்தால் மைக் இன்னும் சரியான இடத்தில் இல்லை என்று அர்த்தம். சில கண்டென்சர் மைக்குகள் 8, 10 கிலோஹெர்ட்ஸ் பக்கம் வேண்டுமென்றே தூக்கலாகச் செய்யப்பட்டிருக்கும். பேச்சுக்கு அது அழகு, வில்லுக்கு வினை. மேல் அலைவரிசை இயல்பாகவே தணிந்து பதியும் ரிப்பன் மைக்குகளை வயலினுக்குப் பலர் விரும்புவது இதனால்தான். ஆனால் அவற்றின் வெளியீடு மிகக் குறைவு, 80 செ.மீ. தூரத்தில் வைத்தால் இரைச்சல் இல்லாமல் 60 டெசிபெலுக்கு மேல் கெய்ன் தரும் ப்ரீஆம்ப் வேண்டும். நம் இன்டர்ஃபேஸில் அது இல்லையென்றால் வில்லின் ‘ஸ்ஸ்’ போய் ப்ரீஆம்பின் ‘ஸ்ஸ்’ வந்துவிடும்.

இவ்வளவு செய்தும் கீறல் போகவில்லையா? அறை மைக்கின் பதிவைத் தனியாகக் கேளுங்கள். அங்கே கீறல் இல்லாமல் அருகு மைக்கில் மட்டும் இருந்தால் இன்னும் இடத்தைத்தான் மாற்ற வேண்டும். உரத்த இடங்களில் மட்டும், ஒரு மைக்கில் மட்டும் வெடிப்பது போல் வந்தால் அது வில்லே இல்லை, கெய்ன் மிஞ்சி ஒலி வெட்டுப்படுகிறது. இரண்டு மைக்கிலும் கீறல் இருந்தால் கோளாறு மைக்குக்கு முன்னால் இருக்கிறது. தந்தியில் வெள்ளையாகப் படிந்திருக்கும் ரோசின் பொடியை உலர்ந்த துணியால் துடைத்துவிட்டு, புதிதாக ரோசின் தடவாமல் இன்னொருமுறை வாசிக்கச் சொல்லுங்கள். பல சமயம் அதிலேயே பாதி குறைந்துவிடும். அடுத்து, வில் குதிரையை ஒட்டிப் போகிறதா என்று பாருங்கள். விரல்பலகைப் பக்கமாக ஒரு விரற்கடை தள்ளி வாசித்தால் ஒலி தணியும். ‘ஈ’ தந்தி மட்டும் விடாமல் கிறீச்சிட்டால் அந்தத் தந்தி பழசாகியிருக்கலாம். அதை மாற்றிவிட்டு, சுருதி நிலைக்க நேரம் கொடுத்து, மறுபடி பதிவு செய்யுங்கள்.